மொத்தமாக வாங்கியதில் ஆளுக்கு எவ்வளவு மிச்சம்? கணக்கு எங்கே இடிக்கிறது?

செயலாளர்_பொறுப்பு

வணக்கம். எங்கள் உழவர் குழுவில் 42 பேர். போன பருவத்தில் முதல் தடவையாக எல்லோருக்கும் சேர்த்து ஒரே கூட்டு உரம் 600 மூட்டையும், விதையும் மொத்தமாக வாங்கினோம். இன்னும் இரண்டு வாரத்தில் பொதுக்கூட்டம். "குழுவால் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு மிச்சம்" என்று ஒரு தொகை சொல்ல வேண்டும்.

பணமும் விலையும் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், மூட்டையில் அச்சிட்டிருக்கும் விலையை 100 என்று வைத்துச் சொல்கிறேன். எங்களுக்குக் கிடைத்த பில் விலை 88. நான்கு மூட்டை கிழிந்து வீணாகிவிட்டது, கொடுத்தது 596. மூட்டைக்கு 12 மிச்சம், பெருக்கினால் 7,152. 42 பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 170. இதை நிர்வாகக் குழுவில் படித்தபோது ஒருவர் எழுந்து, "எனக்கு அவ்வளவு மிச்சமாகவில்லை, உண்மையில் கை நட்டமோ என்று சந்தேகமாக இருக்கிறது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அமைதியாகத்தான் சொன்னார். அதனால்தான் அது மனதில் நிற்கிறது. என் கணக்கில் எங்கே பிழை?

பழைய_தராசு

பெருக்கலில் பிழை இல்லை. எதிலிருந்து எதைக் கழித்தீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

நான் பல வருடம் கூட்டுறவு கிடங்கில் கணக்கு எழுதியவன். மூட்டையில் அச்சிட்ட விலைக்கு யாராவது வாங்குகிறார்களா என்று முதலில் பாருங்கள். பல இடங்களில் ரொக்கம் கொடுத்தால் கடைக்காரர் கொஞ்சம் குறைத்துத்தான் தருவார். அப்படியானால் உங்கள் உறுப்பினர் விட்டுவந்த விலை அந்த ரொக்க விலைதான், அச்சு விலை இல்லை. யாரும் கொடுக்காத விலையிலிருந்து கழித்தால் யாருக்கும் கிடைக்காத மிச்சம்தான் வரும்.

அடுத்தது, 88 என்பது பில் விலை. மூட்டை உறுப்பினர் வீட்டு வாசலுக்கு வரும்போது அது 88 இல்லை. லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, வைத்திருந்த இடத்துக்கு வாடகை, அந்த நான்கு மூட்டைச் சேதாரம் எல்லாம் அதன் மேல் ஏறும். கடையில் வாங்கினாலும் வீடு வரைக்கும் கொண்டுவரச் செலவுதான், அதையும் கடை விலையோடு சேர்க்க வேண்டும். இரண்டு விலையும் ஒரே இடத்தில், அதாவது அவர் வீட்டு வாசலில், வந்து நிற்க வேண்டும்.

மூன்றாவதாக, பணம் எப்போது கொடுத்தார்கள்? முன்பணம் வாங்கினீர்களா, எத்தனை நாள் முன்னால்? இந்த எண்களைத் தாருங்கள், சேர்ந்து பார்க்கலாம்.

வயல்மேடு

எங்கள் குழுவில் இந்தக் குழப்பமே இல்லை. எல்லோரும் டி.ஏ.பி. போடுவோம். மொத்தமாக வாங்கும்போது அதற்குப் பதில் 20-20-0-13 எடுத்தோம். டி.ஏ.பி. மூட்டை 100 என்றால் இது 75. நேராக நூற்றுக்கு 25 மிச்சம். நீங்களும் உரத்தை மாற்றிப் பாருங்கள்.

பழைய_தராசு

வயல்மேடு அண்ணா, கேள்வி அது இல்லை. இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பல குழுக்களின் அறிக்கையில் இதே எண்தான் மிச்சம் என்று போகிறது.

50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் தழைச்சத்து 9 கிலோ, மணிச்சத்து 23 கிலோ. அதே எடை 20-20-0-13 மூட்டையில் தழை 10, மணி 10, கந்தகம் ஆறரை கிலோ. பயிருக்கு 23 கிலோ மணிச்சத்துதான் தேவை என்றால் இந்த மூட்டை 2.3 வேண்டும். விலை 172.5 ஆகிவிடும். அதோடு தழைச்சத்து 14 கிலோ கூடுதலாக வருகிறது, ஏறத்தாழ 30 கிலோ யூரியாவுக்குச் சமம். நீங்கள் அந்த அளவு யூரியாவை உண்மையிலேயே குறைத்திருந்து, அந்த 30 கிலோவுக்கு 72.5-க்கு மேல் கொடுத்திருப்பீர்கள் என்றால்தான் ஏதாவது மிச்சம். மண்ணில் கந்தகம் குறைவு என்று பரிசோதனையில் வந்திருந்தால் அதற்கும் ஒரு மதிப்புண்டு. மூட்டைக்கு மூட்டை மாற்றிப் போட்டிருந்தால் மணிச்சத்தைப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டீர்கள், அதற்குப் பெயர் மிச்சம் இல்லை.

வயல்மேடு

மூட்டைக்கு மூட்டைதான் போட்டோம். பயிர் ஒன்றும் மோசமில்லை.

பழைய_தராசு

மண்ணில் பழைய மணிச்சத்து இருந்தால் ஒரு பருவம் தெரியாது. அப்படியானால் டி.ஏ.பி.யையே குறைத்துப் போட்டிருக்கலாம், குழுவும் தேவைப்பட்டிருக்காது. எப்படிப் பார்த்தாலும் அது உரத்தை மாற்றியதால் வந்தது, சேர்ந்து வாங்கியதால் வந்தது இல்லை. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள் அண்ணா.

செயலாளர்_பொறுப்பு

நல்லவேளை, எங்களுடையது கடையில் விற்கும் அதே உரம், அதே நிறுவனம், அதே 50 கிலோ. எண்களைச் சேகரித்துவிட்டேன். நினைவிலிருந்து சொல்ல வேண்டாம், அந்த வாரத்து ரசீது இருந்தால் மட்டும் தாருங்கள் என்று கேட்டேன். குழுவில் சேராத அக்கம்பக்கத்தார் ஏழு பேரிடமிருந்து கிடைத்தது.

கடை ரொக்க விலை 96. கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர மூட்டைக்கு 1.5. எங்கள் பக்கம் லாரி 2.4, ஏற்றி இறக்க 0.8, கொட்டகை வாடகை 0.4. கொட்டகையிலிருந்து வீட்டுக்கு 0.5. பணத்தை 45 நாள் முன்பே முழுதாக வசூலித்தோம், விற்பவர் அப்படிக் கேட்டார்.

பழைய_தராசு

சரி, போடுவோம்.

88-ம் செலவுகளும் சேர்ந்து 91.6. 600 மூட்டைக்குப் பணம் கொடுத்து 596 கைக்கு வந்ததால் அது 92.2 ஆகிறது. ஒன்றரை மாதம் முன்பே கொடுத்த பணத்துக்கு மாதம் ஒரு வட்டி என்று குறைவாக வைத்தாலும் 1.4. கொட்டகையிலிருந்து வீட்டுக்கு 0.5. ஆக மொத்தம் 94.1.

கடைப் பக்கம் 96-ம் 1.5-ம் சேர்ந்து 97.5.

மூட்டைக்கு 3.4 மிச்சம். நீங்கள் 12 என்று சொன்னது இது. குறைந்துவிட்டதே என்று வருத்தப்படாதீர்கள். நூற்றுக்கு மூன்றரை என்பது உண்மையான பணம், யார் கேட்டாலும் ரசீதைக் காட்டி நிரூபிக்கலாம்.

செயலாளர்_பொறுப்பு

உண்மையாகவே அதிர்ச்சியாக இருக்கிறது. 12 என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

மடைவாய்

ஒன்றை விட்டுவிட்டீர்கள். எல்லோரும் ரொக்கத்துக்கு வாங்குவதில்லை. அறுவடைக்குப் பிறகு தருகிறேன் என்று கடனில் எடுப்பவர்களுக்குக் கடைக்காரர் அச்சு விலைக்கும் மேலே போடுவார். அவர்கள் விட்டுவந்தது பெரிய விலை என்பதால் குழுவில் அதிக மிச்சம் அவர்களுக்குத்தான். சின்ன விவசாயிக்குத்தான் பெரிய பலன் என்று கூட்டத்தில் தைரியமாகச் சொல்லலாம்.

செயலாளர்_பொறுப்பு

கடன் விலை 104. அறுவடைக்குப் பிறகு, அதாவது நான்கு மாதம் கழித்துக் கொடுக்கலாம். அப்படிப் பார்த்தால் 104-க்கும் 88-க்கும் வித்தியாசம் 16!

பழைய_தராசு

மடைவாய் சொல்வதில் முதல் பாதி சரி. ஒவ்வொருவரும் எந்த விலையை விட்டுவந்தார் என்று தனித்தனியாகக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் அடுத்த பாதி கேட்காமல் முடிவுக்கு வரக்கூடாது. கடையில் கடன் சொல்பவர் கையில் பணம் இல்லாததால்தான் கடன் சொல்கிறார். குழுவுக்கு முன்பணத்தை எங்கிருந்து கட்டினார்?

ஈரமண்

அதற்கு நான் பதில் சொல்கிறேன். வேறு குழுதான், ஆனால் நானும் கடனில் வாங்கிய ஆள்.

குழுவில் சேர்ந்தபோது முன்பணம் கட்ட வெளியே வட்டிக்கு வாங்கினேன். மாதம் மூன்று வட்டி. விதைப்புக்கு ஒன்றரை மாதம் முன்னால் வாங்கிய பணத்தை, அறுவடை முடிந்து விற்றுத்தான் அடைத்தேன். குழுவில் தந்த ரசீதையும், வட்டி கொடுத்தவர் எழுதித் தந்த துண்டுச் சீட்டையும் ஒருநாள் ராத்திரி தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரசீதில் மிச்சம் என்று ஒரு கட்டம் போட்டு எண் எழுதியிருந்தார்கள். சீட்டில் இருந்த வட்டி அதைவிடப் பெரியது. யாரையும் குறை சொல்லவில்லை, அவர்கள் நல்லது செய்யத்தான் பாடுபட்டார்கள். அந்தச் சீட்டை யாரும் என்னிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். கடைக்காரர் வேறு, "இப்போது அங்கே போய்விட்டாய்" என்று அடுத்த அவசரத்துக்குக் கை கொடுக்கவில்லை.

பழைய_தராசு

ஈரமண், இதை எழுதியதற்கு நன்றி. உங்கள் நிலையைச் செயலாளர் தந்த எண்களில் வைத்துப் பார்க்கிறேன்.

கடையில் கடன் விலை 104, வீட்டுக்கு 1.5, ஆக 105.5. இது நான்கு மாதம் கழித்துக் கொடுப்பது. குழுவில் 92.2-ஐ ஒன்றரை மாதம் முன்பே கொடுத்தாக வேண்டும். ஆக ஐந்தரை மாத வட்டி. மாதம் மூன்று என்றால் 16.5 சதம், அதாவது 15.2. வீட்டுக்கு 0.5. மொத்தம் 107.9. மூட்டைக்கு 2.4 நட்டம்.

இரண்டு வட்டிக்குக் கிடைத்திருந்தால் 102.8, அதாவது 2.7 மிச்சம். மாதம் இரண்டரை வட்டி இருக்குமிடத்தில்தான் மிச்சம் நட்டமாகத் திரும்புகிறது.

செயலாளர், எழுந்து பேசிய அந்த உறுப்பினர் எப்படிப் பணம் கட்டினார் என்று கேட்டுப் பாருங்கள்.

செயலாளர்_பொறுப்பு

இன்று காலை அவர் வீட்டுக்கே போனேன். மூன்று வட்டிதான்.

நாற்றங்கால்

விதையைப் பற்றி யாருமே பேசவில்லையே, அதனால் நுழைகிறேன். உரமாவது மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று மேலே எழுதியிருக்கும், பெரும்பாலும் அப்படியே இருக்கும். விதை உயிருள்ளது. கிலோ விலையை ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம்.

எங்கள் குழுவுக்குக் கடை விலையில் நூற்றுக்கு 85-க்கு விதை கிடைத்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிரித்துக் கொடுப்பதற்கு முன் முளைப்புப் பார்த்துவிடலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வெவ்வேறு மூட்டைகளிலிருந்து, மேலேயும் நடுவிலும் அடியிலுமாகக் கை விட்டு எடுத்துக் கலந்தேன். பெரியது சிறியது பார்க்காமல் நூறு நூறாக நான்கு முறை எண்ணினேன். ஈரத் துணியில் வரிசையாக வைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் சுருட்டி, நிழலில் நிற்க வைத்தேன். துணி பிழிந்தால் சொட்டக் கூடாது, தொட்டால் ஈரம் தெரிய வேண்டும். அந்தப் பதம் போனால் நல்ல விதையே அழுகும், அப்புறம் விதைமேல் பழி விழும். கடையில் விற்றதிலும் அதே மாதிரி நானூறு விதை எடுத்து, அதே நாளில் பக்கத்தில் வைத்தேன்.

பிரித்தபோது கடை விதையில் நூற்றுக்கு 92 நன்றாக முளைத்திருந்தது. எங்களுடையதில் 80. அதிலும் சில வேர் விட்டிருந்தன, குருத்து கோணலாக இருந்தது. அவற்றை நான் முளைப்பில் சேர்க்கவில்லை.

இப்போது முளைக்கும் விதைக்கு விலை போட்டால், கடை விதை 100-ஐ 0.92-ஆல் வகுக்க 108.7. எங்களுடையது 85-ஐ 0.80-ஆல் வகுக்க 106.3. நூற்றுக்கு 15 என்று நினைத்தது இரண்டு சொச்சமாகிவிட்டது.

மடைவாய்

அப்போதும் இரண்டு மிச்சம்தானே. விதையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் சரியாகிவிடும்.

நாற்றங்கால்

எண்ணிக்கை சரியாகும், வீரியம் சரியாகாது. ஈரத்துணியில் 80 முளைக்கும் குவியல், வயலில் குளிர்ந்தாலோ மேல்மண் இறுகினாலோ 80 முளைக்காது. பழைய விதையில் இந்த இடைவெளி பெரிதாக இருக்கும். இடையில் விடுபட்ட இடங்களில் மறுபடி ஊன்ற ஆள் விட வேண்டி வந்தால் அந்த ஒரு நாள் கூலியே இரண்டு சதத்தை விழுங்கிவிடும். நாங்கள் அந்த விதையைத் திருப்பி அனுப்பினோம். பிரித்துக் கொடுத்திருந்தால் லாட் எண் கலந்துபோய்த் திருப்பவும் முடிந்திருக்காது.

செயலாளர்_பொறுப்பு

எங்கள் விதைக்கு முளைப்புப் பார்க்கவில்லை. பார்க்காததை மிச்சம் என்று எழுத மாட்டேன், உரக் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

42 பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு முடித்தேன். கடனில் வாங்கும் வழக்கமுள்ளவர் 9 பேர், 60 மூட்டை எடுத்திருக்கிறார்கள். ஒன்பது பேரும் முன்பணத்துக்கு ஏறத்தாழ மூன்று வட்டிக்கே வாங்கியிருக்கிறார்கள். ரொக்கத்துக்கு வாங்கும் சிறு விவசாயிகள் 29 பேர், 256 மூட்டை. நிலம் அதிகமுள்ளவர்கள் 4 பேர், 280 மூட்டை.

ஒன்றில் தடுமாறினேன். நிலம் அதிகமுள்ள நால்வரும், "எங்களுக்குக் கடையில் 96 இல்லை, 93-க்கே தருவார்கள்" என்கிறார்கள். நம்புவதா?

பழைய_தராசு

ரசீதைக் கேளுங்கள், நம்பலாம். எழுபது மூட்டை எடுப்பவருக்கும் ஏழு மூட்டை எடுப்பவருக்கும் ஒரே விலை சொல்லும் கடை அபூர்வம். அவர்களுக்கு 93-ம் 1.5-ம் சேர்ந்து 94.5. குழு விலை 94.1. மூட்டைக்கு 0.4 மட்டும்.

இப்போது மூன்று வகையினருக்கும் தனித்தனியாகப் போட்டால், ரொக்கக்காரர்களுக்கு 256 மூட்டைக்கு 870, ஆளுக்குச் சராசரி 30. நிலம் அதிகமுள்ளவர்களுக்கு 112, ஆளுக்கு 28. கடன்காரர்களுக்கு 144 நட்டம், ஆளுக்கு 16.

எல்லாம் கூட்டிக் கழித்தால் 838. 42-ஆல் வகுத்தால் ஆளுக்கு 20 வரும். ஆனால் அந்த 20 உங்கள் குழுவின் எந்த வகையினருக்கும் பொருந்தவில்லை பாருங்கள். கூட்டத்தில் இந்த மூன்று எண்களையும் மூன்றாகவே படியுங்கள். கூட்டி வகுத்தால் 16 நட்டப்பட்டவர் மறைந்துவிடுவார், இந்தக் கணக்கில் நாம் கண்டுபிடிக்க வேண்டியவரே அவர்தான்.

மடைவாய்

அப்படியானால் மூட்டைக்கு 0.4-க்காக நால்வர் ஏன் குழுவில் இருக்கிறார்கள்? அவர்கள் போனால் போகட்டுமே, குழு சிறு விவசாயிகளுக்குத்தானே.

பழைய_தராசு

போனால் லாரியில் பாதி காலியாக வரும். 600 மூட்டைக்கு 2.4 வீதம் கொடுத்த மொத்த வாடகை 1,440. அதே லாரி 316 மூட்டையோடு வந்தால் மூட்டைக்கு 4.6. ரொக்கக்காரரின் 3.4 மிச்சம் 1.2-க்கு இறங்கிவிடும். அதுவும் விற்பவர் 88 விலையை அப்படியே தந்தால்தான். பெரிய ஆர்டருக்குத்தான் அந்த விலை என்று அவர் சொன்னால் மிச்சமே இல்லை. சிறியவரின் 3.4-ல் பாதிக்கு மேல் அந்த நால்வரின் மூட்டைகள் லாரியை நிறைத்ததால் வந்தது.

மூட்டைக்_கணக்கு

நான் விரிதாளில் இந்த வேலை செய்கிறேன். ஒரு சின்ன எச்சரிக்கை: லாரி நிறைய வேண்டும் என்பதற்காகச் சிலரைக் கூடுதலாக எடுக்கச் சொல்லியிருப்பீர்கள். தேவைக்கு மேல் எடுத்த மூட்டைக்கு மிச்சம் எழுதக்கூடாது, வாங்கியே இருக்க மாட்டார் அல்லவா. அவர் வழக்கமாக வாங்கும் அளவு, இம்முறை எடுத்த அளவு, இரண்டில் எது குறைவோ அதற்கு மட்டும் கணக்குப் போடுங்கள். நான் இப்படி எழுதுவேன்:

```
=MIN(B2,C2)*(D2-E2)
```

B வழக்கமான மூட்டை, C இம்முறை எடுத்தது, D அவர் விட்டுவந்த விலை, E குழு விலை. D-யும் E-யும் ஒவ்வொரு வரிக்கும் தனி. E எல்லோருக்கும் ஒன்று என்று ஒரே கட்டத்தில் பூட்டிவிட்டால் கடன்காரர்களின் வட்டி மறுபடி காணாமல் போய்விடும். நான் அந்தத் தவறைச் செய்திருக்கிறேன்.

செயலாளர்_பொறுப்பு

பதினோரு பேர் கூடுதலாக எடுத்திருக்கிறார்கள். ஒருவர் வீட்டுத் திண்ணையில் மூன்று மூட்டை இன்னும் கிடக்கிறது, தொட்டுப் பார்த்தேன், ஈரம் வாங்கி உள்ளே கட்டி கட்டியாக இறுகியிருக்கிறது. அதை மிச்சத்தில் சேர்த்திருந்தேன் என்று நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. மறுபடி போட்டால் இன்னும் கொஞ்சம் குறையும்.

அந்த 9 பேருக்கு ஏதாவது வழி உண்டா? அடுத்த பருவ ஆர்டர் நெருங்குகிறது.

பழைய_தராசு

விற்பவரிடம் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், தவணையைக் கேளுங்கள். 45 நாள் முன்பணம் இல்லாமல் சரக்கு இறங்கும் அன்று பணம், அதற்காக 88-க்குப் பதில் 89 தருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். சேதாரம் வரை சேர்த்து 93.2 ஆகும். ரொக்கக்காரருக்கு முன்பண வட்டி 1.4 போய்விடுவதால் மிச்சம் 3.4-லிருந்து 3.8 ஆகிறது. கடன்காரருக்கு வட்டி ஐந்தரை மாதத்துக்குப் பதில் நான்கு மாதம்தான். 2.4 நட்டம் 0.6 மிச்சமாக மாறுகிறது. பில்லில் விலை ஏறியிருக்கும், வாசலில் குறைந்திருக்கும்.

ஆனால் சரக்கு இறங்கும் நாளில் ஐந்து பேர் பணம் கொண்டு வராவிட்டால் யார் கொடுப்பது என்பதை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். முன்பணம் கேட்பதற்கு அதுதான் காரணம்.

ஈரமண்

0.6 தானே என்று நினைக்காதீர்கள். நட்டம் இல்லை என்றாலே எங்களைப் போன்றவர்கள் குழுவில் நிற்போம்.

நாற்றங்கால்

செயலாளர், உங்கள் உழைப்பை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. விலை கேட்க அலைந்தது, கொட்டகையில் நின்று எண்ணிக் கொடுத்தது, அதற்கு எத்தனை நாள்?

செயலாளர்_பொறுப்பு

பதினைந்து நாள் இருக்கும். அதற்கு விலை போட மனம் வரவில்லை.

மூட்டைக்_கணக்கு

போடுங்கள். நீங்கள் விட்டுப் போனால் அடுத்து வருபவர் சும்மா செய்வாரா? அப்போது திடீரென்று செலவாக வந்து நிற்கும்.

பழைய_தராசு

இதில் எனக்கு வேறு கருத்து. சம்பளம் கொடுக்காத வேலையைச் செலவில் ஏற்றினால் உறுப்பினர் கையில் வந்த மிச்சத்தைக் குறைத்துச் சொன்னதாகும். தாளின் அடியில் "15 நாள், கூலி வாங்கவில்லை" என்று தனி வரி எழுதினால் போதும்.

மூட்டைக்_கணக்கு

தனி வரியை யாரும் படிக்க மாட்டார்கள் ஐயா.

செயலாளர்_பொறுப்பு

கடைசியாக ஒன்று, இதுதான் இப்போது தூக்கத்தைக் கெடுக்கிறது. நாங்கள் வாங்க ஆரம்பித்த பிறகு கடைக்காரர் ரொக்க விலையை 96-லிருந்து 94-க்கு இறக்கிவிட்டார். அடுத்த பருவத்தில் இதே முறையில் கணக்குப் போட்டால் எங்கள் மிச்சம் 3.4-லிருந்து 1.4 ஆகும். குழுவில் சேராதவர்களுக்கும் 2 குறைந்திருக்கிறது. குழு நன்றாக வேலை செய்ததால் குழுவின் மிச்சம் குறைந்து தெரிகிறதா?

பழைய_தராசு

அப்படித்தான் தெரிகிறது. ஆனால் விலை உங்களால்தான் இறங்கியதா, ஆலை விலையே இறங்கியதா என்று முதலில் பார்க்க வேண்டும். உங்கள் குழுவின் கை எட்டாத தூரத்தில் இரண்டு மூன்று கடைகளில் அதே உரத்தின் ரொக்க விலையைக் கேளுங்கள். அங்கே இன்னும் 96 என்றால் இந்த 2 உங்களால் வந்தது. அங்கேயும் 94 என்றால் இல்லை.

மடைவாய்

உங்களால் வந்தது என்றால் பழைய 96-லிருந்தே கழிக்கலாமே?

பழைய_தராசு

ஒரு பருவத்துக்குக் கழிக்கலாம். மூன்றாவது பருவத்தில் 96 யாருக்கும் நினைவில் இருக்காது, நாம் மறுபடி யாரும் கொடுக்காத விலையிலிருந்து கழிக்கத் தொடங்கிவிடுவோம். நான் இரண்டையும் எழுதுவேன்: இன்றைய கடை விலைக்கு 1.4, பழைய விலைக்கு 3.4. எதைப் பெரிதாகப் படிப்பது என்பதில் எனக்கே தெளிவில்லை.

ஈரமண்

கடைக்காரர் கடன் விலையையும் இறக்கினாரா?

செயலாளர்_பொறுப்பு

இல்லை. அது 104-லேயே நிற்கிறது. தூரத்துக் கடைகளுக்கு நாளை போகிறேன், அங்கே கடன் விலையையும் சேர்த்துக் கேட்டுவருகிறேன்.